வீடு கட்டி முடியும் முன் செலுத்திய வட்டி: எந்த ஆண்டில், எவ்வளவு கழியும்?

வீட்டுக் கடன் வாங்கி, தானே கொத்தனார் வைத்து வீடு கட்டியவர்களுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஒரு குழப்பம் வருகிறது. வங்கி தந்த சான்றிதழ்களில் மூன்று ஆண்டுகளின் வட்டி தனித்தனியாக இருக்கிறது. கணக்குப் படிவமோ ஒரே ஒரு தொகையைக் கேட்கிறது. மூன்றையும் கூட்டிப் போடுவதா, இந்த ஆண்டு வட்டியை மட்டும் போடுவதா, வீடு முடியாத காலத்து வட்டி போனது போனதுதானா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது அதிகம் பேருக்கு வரும் சிக்கல். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குபவர்களைவிட, ஐந்து சென்ட்டோ எட்டு சென்ட்டோ சொந்த மனையில் தனி வீடு கட்டுபவர்கள்தான் மிகுதி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டும் பெய்யும் மாவட்டம் ஆதலால் வேலை ஆண்டுக்கு இருமுறை நின்று நின்று நடக்கும். வங்கியும் அடித்தளம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் பார்த்தே பணத்தை விடுவிக்கும். ஒரு வீடு மூன்று நிதியாண்டுகளைத் தொடுவது சாதாரணம்.

## அசலுக்கு ஒரு கணக்கு, வட்டிக்கு வேறு கணக்கு

மாதத் தவணை ஒன்றாகத்தான் போகிறது. சட்டமோ அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

1. வட்டி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவில் வருகிறது. தானே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2,00,000 ரூபாய்தான் உச்சம். அந்த ஆண்டுக்கு உரிய வட்டி என்றால் போதும். தவணை பாக்கி விழுந்திருந்தாலும் அந்த வட்டியைக் கழிக்கலாம். ஆனால் பாக்கி வட்டிக்கு மேல் ஏறும் வட்டிக்குக் கழிவு கிடையாது.

2. அசல். 80சி பிரிவில் வருகிறது. உண்மையில் செலுத்திய ஆண்டில் மட்டுமே கழியும். 1,50,000 ரூபாய் உச்சவரம்பை பி.எஃப், எல்.ஐ.சி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றோடும் அது பங்குபோட வேண்டும்.

கட்டி முடியும் முன் செலுத்திய வட்டிக்குச் சட்டம் பின்னால் ஒரு வழி வைத்திருக்கிறது. அசலுக்கு அப்படி எதுவும் இல்லை. வேலை நடக்கும்போதே முழு மாதத் தவணையைத் தொடங்கிவிட்டவர்கள் அந்தக் காலத்தில் அடைத்த அசலை, வீடு முடிந்த பிறகு 80சி-யில் கொண்டுவர முடியாது. அடைத்த ஆண்டிலேயே கேட்டாலும், வீடு இன்னும் வீடாகவில்லை என்று மறுப்பதே வழக்கம். வட்டியை மட்டும் செலுத்திவந்து, முடிந்த பிறகு தவணையைத் தொடங்குபவர்களுக்கு இந்த இழப்பு இல்லை. அதற்காக அசலைத் தள்ளிப்போடுவது லாபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தள்ளிப்போடும் அசலுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

## கோடு விழுவது மார்ச் 31-இல்

பலர் நினைப்பது போல, வீடு முடிந்த தேதிவரை உள்ள வட்டி எல்லாம் ‘முன்கால வட்டி’ அல்ல. கடன் வாங்கிய நாளிலிருந்து, வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை உள்ள வட்டியே முன்கால வட்டி. அதை ஐந்து சம பங்காக்கி, வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகளில் கழிக்க வேண்டும்.

ஆகவே வீடு 2024 பிப்ரவரியில் முடிந்தால், 2023 ஏப்ரலிலிருந்து பிப்ரவரி வரை வீடு பாதியில் நின்ற மாதங்களின் வட்டியும் நடப்பாண்டு வட்டியே. அதை ஐந்தாகப் பிரிக்க வேண்டியதில்லை. அப்படியே அந்த ஆண்டிலேயே கழியும்.

அடுத்தது, முன்கால வட்டியின் பங்குக்குத் தனி வரம்பு கிடையாது. நடப்பு வட்டியும் அந்த ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்துதான் 2,00,000-க்குள் அடங்க வேண்டும். மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கும் போகாது. “ரெண்டு லட்சம் போக, கட்டும்போது செலுத்திய வட்டி தனி” என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்த உச்சவரம்பு இல்லை என்பதைக் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒட்டவைத்துச் சொல்வதுதான் அது.

## ஒரு வீட்டின் கணக்கு

தக்கலைப் பக்கம் எட்டு சென்ட் மனையில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியார் நிறுவன வேலை. கடன் 22 லட்சம். முதல் கட்டப் பணம் 2021 செப்டம்பரில் கைக்கு வந்தது. கட்டும் வரை வட்டி மட்டும் செலுத்தினார். வங்கிச் சான்றிதழ் சொல்வது:

- 2021-22: 24,000 ரூபாய்
- 2022-23: 96,000 ரூபாய்
- 2023-24: 1,76,000 ரூபாய்
- 2024-25: 1,92,000 ரூபாய்

அவருடைய சம்பளம் 2023-24-இல் 9,60,000. மறு ஆண்டு 10,00,000. பி.எஃப், எல்.ஐ.சி, பள்ளிக் கட்டணத்திலேயே 80சி-யின் 1,50,000 நிரம்பிவிடுகிறது. அதனால் அசலால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் கழிவு இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் பலருக்கு நிலைமை இதுதான். அசலுக்கும் வரிச்சலுகை உண்டு என்று கடன் விற்பவர் சொல்லும்போது இந்த இடத்தைச் சொல்வதில்லை. தொழில் வரி போன்ற சிறு கழிவுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

வீடு மாசி மாதம், 2024 பிப்ரவரியில் முடிந்தால்: முன்கால வட்டி 24,000 + 96,000 = 1,20,000. ஐந்தில் ஒரு பங்கு 24,000. அந்த ஆண்டின் 1,76,000-உடன் சேர்த்தால் சரியாக 2,00,000. பழைய வரிமுறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, வட்டி 2,00,000 போக வரிக்குரிய வருமானம் 5,60,000. செஸ் சேர்த்து வரி 25,480 ரூபாய். புதிய வரிமுறையில் போயிருந்தால் 48,360 ஆகியிருக்கும்.

வேலை இழுத்து, சித்திரையில், அதாவது 2024 ஏப்ரல் பிற்பாதியில் முடிந்தால்: 2023-24-இல் வட்டிக் கழிவே இல்லை. பழைய முறையில் வரி 67,080 வரும் என்பதால் அவர் புதிய முறைக்குப் போய் 48,360 செலுத்துவார். இரண்டு மாதத் தாமதத்தின் விலை 22,880 ரூபாய்.

“அந்த 1,76,000 வீணாகவில்லையே, முன்கால வட்டியில் சேர்ந்துவிடுமே” என்று கேட்கலாம். சேரும். முன்கால வட்டி 2,96,000 ஆகி, பங்கு 59,200 ஆகும். ஆனால் 2024-25-இன் நடப்பு வட்டியே 1,92,000. வரம்புக்குள் மீதி இடம் 8,000 மட்டும்தான். 59,200-இல் 51,200 வெளியே நிற்கும். அது திரும்ப வராது. மாசியில் முடித்திருந்தாலும் அந்த ஆண்டில் அதே 8,000-தான் உள்ளே போகும். கடன் பெரிதாகப் பெரிதாக, ஐந்தில் ஒரு பங்கு என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமையாகிவிடுகிறது.

## எது ‘முடிந்த’ நாள்?

பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் பங்குனியில் பால் காய்ச்சுவதில்லை. தையிலோ மாசியிலோ முடியாவிட்டால் சித்திரைக்குத் தள்ளிவிடுவார்கள். நிதியாண்டு முடிவது பங்குனி நடுவில். பஞ்சாங்கமும் வருமான வரிச் சட்டமும் மோதிக்கொள்ளும் இடம் இது.

சட்டம் கேட்பது பால் காய்ச்சிய நாளை அல்ல, கட்டுமானம் முடிந்த நாளை. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். ஊராட்சிப் பகுதியில் கட்டிய சிறிய தனி வீட்டுக்குப் பலரிடம் முறையான நிறைவுச் சான்றிதழ் இருப்பதில்லை. அப்போது கைகொடுப்பவை இவை:

1. கட்டுமானத்துக்கான மின் இணைப்பை வீட்டு உபயோகக் கட்டணத்துக்கு மாற்றிய தேதி. இது அரசு நிறுவனத்தின் பதிவு. பின்தேதியிட்டு வாங்க முடியாதது. என் கணிப்பில் இதுவே எல்லாவற்றிலும் வலுவானது.
2. ஊராட்சியோ பேரூராட்சியோ மாநகராட்சியோ வீட்டு வரி விதித்த உத்தரவும் முதல் ரசீதும்.
3. கடைசிக் கட்டப் பணத்தை விடுவிக்கும் முன் வங்கிப் பொறியாளர் தந்த அறிக்கை.

இவை ஒன்றுக்கொன்று முரண்படும்போதுதான் ஆபத்து. பிப்ரவரியில் முடிந்தது என்று கழிவு கேட்டிருப்பார். வங்கியின் கடைசிப் பணம் ‘மேல்பூச்சு வேலைக்கு’ என்று மே மாதம் போயிருக்கும். மின் இணைப்பு ஜூலையில் மாறியிருக்கும். விசாரணை வந்தால் பிப்ரவரி நிற்காது.

இன்னொரு காலக்கெடுவும் உண்டு. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு முடிய வேண்டும். மேலே சொன்னவருக்கு அது 2027 மார்ச் 31. தாண்டினால் 2,00,000 என்ற வரம்பு 30,000 ஆகச் சுருங்கிவிடும். கட்டம் கட்டமாகப் பணம் வந்தவர்கள் முதல் பணம் வந்த ஆண்டிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

## நகைக் கடனில் கட்டிய பங்கு

வங்கி தரும் பணம் போதாமல், கூரை போடும் நேரத்தில் வீட்டு நகையை அடகு வைப்பது இந்த மாவட்டத்தில் புதிதல்ல. அந்த வட்டிக்குக் கழிவு உண்டா?

24(பி) பார்ப்பது பணம் எதற்குச் செலவானது என்பதை. கடனின் பெயரையோ, ஈடாக வைத்த பொருளையோ அல்ல. நகைக் கடன் பணம் வீட்டுக்கே போனது என்று காட்ட முடிந்தால் அதன் வட்டியும் அதே 2,00,000-க்குள் சேரும். உறவினரிடம் வட்டிக்கு வாங்கிய கடனுக்கும் இதே நியாயம். ஆனால் 2,00,000 வரம்பைக் கேட்க, கடன் தந்தவர் எவ்வளவு வட்டி என்று சான்று தர வேண்டும். நகைக் கடன் ரசீதில் ‘வீடு கட்ட’ என்று இருக்காது. பணத்தை ரொக்கமாக எடுத்துக் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் தொடர்பை நிறுவுவது கடினம். கணக்கிலிருந்து நேராகச் சிமெண்டுக் கடைக்கும் கம்பிக் கடைக்கும் போயிருந்தால் எளிது.

அசலில் இந்தத் தாராளம் இல்லை. வங்கி, கூட்டுறவு வங்கி, எல்.ஐ.சி, வீட்டு வசதிக்குக் கடன் தரும் நிறுவனம் அல்லது கூட்டுறவுச் சங்கம் என்று 80சி பட்டியலிட்டவர்களிடம், வீட்டுக்கென்றே வாங்கிய கடனின் அசல்தான் அங்கே கழியும். மாமனாரிடம் வாங்கியதைத் திருப்பித் தந்தால் கழியாது.

மனை யார் பெயரில் என்பதும் முக்கியம். வீட்டில் உரிமை இல்லாதவர் தவணை முழுவதையும் செலுத்தினாலும் அவருக்குக் கழிவு இல்லை. கணவனும் மனைவியும் வீட்டுக்கும் கூட்டு உரிமையாளர், கடனிலும் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், தத்தம் பங்குக்கு ஆளுக்கு 2,00,000 வரை கேட்கலாம். மனை மனைவி பெயரில், கடன் கணவன் பெயரில் மட்டும் என்ற அமைப்பில்தான் இருவருக்கும் கழிவு கெடுகிறது.

## புதிய வரிமுறை வந்த பிறகு மிஞ்சுவது என்ன?

இதுவரை சொன்னது எல்லாம் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். 2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பானது. பழையது வேண்டும் என்றால் கேட்டுப் பெற வேண்டும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் அசலுக்கும் கழிவே இல்லை. முன்கால வட்டியின் பங்குக்கும் இல்லை. அந்தப் பங்கை, பழைய முறைக்குத் திரும்பும் ஆண்டுக்காக ஒத்திவைக்கவும் முடியாது.

நம் தக்கலைக்காரருக்கு 2024-25-இல் பழைய முறை இன்னும் லாபம்: வரி 33,800, புதியதில் 44,200. ஆனால் 2025-26-இலிருந்து நிலை தலைகீழ். புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12,00,000 வரை வரி இல்லை; மாதச் சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவையும் சேர்த்தால் 12,75,000 வரை. அவர் சம்பளம் அதற்குள்தான். அவர் செலுத்த வேண்டிய வரியே பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து வீட்டுக் கடன் எதைக் குறைக்கும்? முன்கால வட்டி 1,20,000-இல் முதல் இரண்டு ஆண்டுகளில் 24,000-மும் 8,000-மும் பயன்பட்டன. மீதி 88,000 பயன்படாமலே முடியும்.

சம்பளம் கூடியவருக்கு? 15,00,000 சம்பளம், 80சி முழுவதும், வீட்டு வட்டி முழுவதும் என்று வைத்துப் பார்த்தாலும் 2025-26-க்கு பழைய முறையில் 1,48,200, புதியதில் 97,500. வீட்டுக் கடனும் 80சி-யும் மட்டும் சேர்ந்து பழைய முறையை ஜெயிக்கவைக்க முடியாது.

ஜெயிக்கும் ஓர் ஆள் உண்டு. நாகர்கோவிலில் கடன் வாங்கி வீடு கட்டி அப்பா அம்மாவை இருத்திவிட்டு, சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்காக வாடகைக்கு இருப்பவர். வேலை நிமித்தம் வேறு ஊரில் இருப்பதால், வாடகைக்கு விடாத அந்த வீடு குடியிருக்கும் வீடாகவே கருதப்படும். வட்டிக் கழிவும் வாடகைப் படிக்கான விலக்கும் இரண்டும் கிடைக்கும். 24,75,000 சம்பளக்காரருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால் நிலையான கழிவு போக இன்னும் 8,00,000-க்கு மேல் கழிவுகள் தேவை. வீடும் 80சி-யும் 3,50,000 தரும். மீதி 4,50,000-ஐ வாடகைப் படி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத் திட்டம் போன்றவை தர வேண்டும். பெருநகர வாடகைக்கு இது எட்டாத தொகை அல்ல.

## கணக்கில் ஏற்றும்போது

முன்கால வட்டியைக் கோட்டை விடுவதற்குச் சாதாரணக் காரணம், வங்கி ஆண்டுதோறும் தரும் சான்றிதழில் அந்த ஆண்டின் வட்டி மட்டுமே இருப்பதுதான். முதல் பணம் வந்த நாளிலிருந்து ஆண்டுவாரியாக வட்டிச் சான்றிதழ் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அலுவலகத்தில் தரும் கழிவு விவரப் படிவத்தில் நடப்பு வட்டியோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி எழுத வேண்டும். அங்கே விட்டுப்போனாலும் கணக்குத் தாக்கலில் கேட்கலாம். ஆனால் அப்போது கணக்குப் படிவமும் அலுவலகம் தரும் வரிப்பிடித்தச் சான்றிதழும் வேறுபடும் என்பதால், தாள்கள் கைவசம் இருக்க வேண்டும்.

2024-25-க்கான படிவங்களிலிருந்து, 24(பி) கழிவு கேட்டால் கடன் தந்தவர் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 அன்று நிலுவை எல்லாம் தனியாகக் கேட்கிறார்கள். கடன் தேதி அங்கேயே பதிவாகிவிடுவதால், ஐந்தாண்டுக் கெடுவைத் தாண்டியவர்கள் இனி எளிதில் தென்படுவார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன: வீட்டு வட்டி 22-ஆம் பிரிவு, 80சி-க்குப் பதில் 123-ஆம் பிரிவு. 2025-26-க்கான கணக்கு மட்டும் பழைய சட்டத்தின் எண்களிலேயே தாக்கலாகும். ஐந்து பங்குகளில் இரண்டோ மூன்றோ பழைய சட்டத்திலும் மீதி புதிய சட்டத்திலும் விழுபவர்கள், 2021-22-இன் வட்டிச் சான்றிதழைக் கடைசிப் பங்கைக் கேட்கும் ஆண்டு வரை எடுத்து வைத்திருக்க வேண்டும். தக்கலைக்காரருக்கு அந்தக் கடைசி ஆண்டு 2027-28.